பம்பில் கட்டிய சிவப்புத் துணி

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் எண்பதுகளில் சுங்கை பட்டாணி வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்துத் தண்ணீர் பம்பு கெட்டால் என் பட்டறைக்குத்தான் வரும். அந்தப் பேரைச் சம்பாதித்தது இந்தக் கை.

மெர்போக் பக்கத்துத் தோட்டம் ஒன்று, எங்களிடம் வரும் பம்பை நான்கு நாளில் சரிசெய்துதர வேண்டும், தவறினால் ஒப்பந்தம் ரத்து என்றது. அப்போது ஒரு விதி சேர்க்கச் சொன்னவன் நான்தான்.

"நாங்க ஒன்னு கேட்டு, நீங்க பதில் சொல்ற வரைக்கும் நாள் ஓடக்கூடாதுங்க. பதில் வந்ததும் நின்ன எடத்துலேர்ந்து ஓடட்டும்."

தோட்டத்து அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அன்றிலிருந்து, பதிலுக்காக நிற்கும் பம்பில் சிவப்புத் துணி கட்டுவோம். பதில் வந்ததும் அவிழ்த்துவிட்டு வேலையைத் தொடங்குவோம். தோட்டத்துப் பதில் எப்போதும் பம்பு ஏற்றிவரும் லாரிக்காரர் வாய்வழியாகத்தான் வரும்.

ஒரு வறட்சிக் காலத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு வந்தது. பிரித்தேன். தண்டு தேய்ந்திருந்தது. பற்றவைத்துக் கடைவதா, புதுசு போடுவதா? அதைத் தோட்டம்தான் முடிவுசெய்ய வேண்டும். லாரிக்காரரிடம் கேட்டுவரச் சொல்லிவிட்டு, துணியையும் என் கையால் கட்டிவிட்டு, பட்டறையை மனைவியின் தம்பியிடம் ஒப்படைத்து பாலிங்கில் ஓர் இயந்திரம் பொருத்தப் போனேன்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது துணி அப்படியே தொங்கியது. பக்கத்தில் பெரிய கிராணி.

"புதுசு போடச் சொல்லி அண்டைக்கே லாரிக்காரனிட்டச் சொல்லி விட்டனான். பிறகென்ன, இன்னும் உங்கட நாள் நிக்குது?"

மச்சானைப் பார்த்தேன்.

"வேல குமிஞ்சு கெடந்துச்சு மாமா. வாயால சொன்னா பதிலாகுமா? கடுதாசி வரட்டும்னு விட்டேன் லா."

"இத்தன வருஷமா கடுதாசியாடா வந்துச்சு?"

"துணி தொங்குற வரைக்கும் நாள் ஓடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

கிராணி சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் குத்துகிறது.

"துணியைப் பாத்தோ தம்பி நாள் ஓடுறது? லயத்துச் சனம் ஆத்தில தண்ணி அள்ளிக் காவுது. அவையளுக்கு நாள் நிக்கேல்லை."

பம்பை அப்படியே லாரியில் ஏற்றச் சொன்னார். "அண்ணே, ராவோட ராவா முடிச்சிடுறேன்" என்றேன். யாரிடமும் கெஞ்சாதவன், கெஞ்சினேன். அவர் லாரியில் ஏறிவிட்டார்.

ஒப்பந்தம் எதிர்வரிசைப் பட்டறைக்குப் போனது. பதில் வரும்வரை நாள் ஓடாது என்ற என் விதியும் சேர்ந்தே போனது, வாய்ப்பதிலும் பதில்தான் என்ற ஒரு வரியோடு. அங்கே ஒரு பம்பில் சிவப்புத் துணி தொங்குவதை என் வாசலில் நின்றே பார்த்தேன்.

மச்சான் பிறகு மெர்கோங்கில் சொந்தக் கடை போட்டான். தொழில் கற்றது என்னிடம்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறானாம்.