தகடு வலப்பக்கம் சுற்றினால்

நூலக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது மாணவர்கள்தான். தச்சுவேலை செய்பவர்கள் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் நூல் என்பார்கள். கல்லூரிப் பட்டறையில் யார் எதை அறுத்துக்கொண்டு போய்க் காட்டினாலும் அக்கா மூக்குக் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு, “ஒரு நூல் கூட இருக்கு பாரு” என்பார். அளந்து பார்த்தால் கூட இருக்கும். மில்லிமீட்டரில் சொல்லுங்கள் என்று கேட்டால் அதையும் சொல்வார். ஆனால் திட்டு மட்டும் நூலில்தான் வரும்.

கல்லூரிக்கு வருவதற்கு முன் பதினொரு வருடம் அட்டைப்பெட்டிக்கு மூடி ஒட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே ஓடும் பெல்ட்டில் பெட்டிகள் வரிசையாக வரும். ஓர் இரும்புக் கை இறங்கி மூடியை அழுத்திவிட்டு ஏறும். அந்தக் கையை ஏற்றி இறக்கியது இயந்திரத்தின் வயிற்றுக்குள் சுற்றிய, ஒரு பக்கம் புடைத்த தகடு. அதைப் பிள்ளைத்தாய்ச்சித் தகடு என்று அங்கே சொல்வார்களாம். தேய்ந்துபோனால் பழையதைக் கழற்றி, அதே மாதிரி புதியதை மாட்டுவது அக்காவின் வேலை. அதற்குக் கேம் என்று பெயர், அது தள்ளுகிற தண்டுக்கு ஃபாலோயர் என்று பெயர், இதையெல்லாம் பாடமாக வைத்துப் பரீட்சை நடத்துகிறார்கள் என்று இங்கே வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு நாள் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

இயந்திரங்களின் அசைவைப் பற்றிய கைனமேட்டிக்ஸ் பாடம் எடுக்கும் மேடம், அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். இந்த முறை கேமை வெறும் படமாகக் காட்டாமல் கையால் சுற்றிப் பார்க்கிற மாதிரியாகச் செய்ய வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அதோடு இன்னொன்றும் சொன்னார். செய்கிறவரே வகுப்பில் நின்று விளக்கட்டும். துறைத் தலைவர் இதற்கு உடனே தலையாட்டிவிடவில்லை. பட்டறை ஊழியர் வகுப்பெடுத்த வழக்கம் இல்லை. ஒரு நாள் பார்ப்போம், செவ்வாய்க்கிழமை மதிய வகுப்புக்கு நானே வருகிறேன், சரியாக வந்தால் வாரம் ஒரு மணி நேரம் அவருக்கே, இல்லையென்றால் பேச்சை இத்தோடு விடுவோம் என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தை அக்கா எவ்வளவு விரும்பினார் என்பது, ஆய்வகத்தில் பதிவேடு எழுதும் எனக்கு அவர் சொல்லாமலே தெரிந்தது. பேருந்து ஓட்டுநரான தன் கணவரைச் சமையலறையில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாராம். அவர் பாதியில், “அடுத்த ஸ்டாப்பிங் எது?” என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது அக்கா கோபமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டார்.

மேடம் கொடுத்த கணக்கு இது. கேம் ஒரு சுற்றில் முந்நூற்று அறுபது டிகிரி. முதல் நூற்றிருபதில் தண்டு மெதுவாக ஏற வேண்டும். அடுத்த அறுபதில் மேலேயே நிற்க வேண்டும். அடுத்த அறுபதில் சட்டென்று இறங்க வேண்டும். மிச்சம் நூற்றிருபதும் கீழே ஓய்வு. ஏறுகிற உயரம் இருபத்தைந்து மில்லிமீட்டர். தண்டின் நுனியில் உருளும் ரோலர் தகட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருக்க, மேலிருந்து ஒரு ஸ்பிரிங் அழுத்தும். தண்டில் ஒரு பேனா. பேனாவுக்கு எதிரே காகிதம் சுற்றிய உருளை. கைப்பிடியைச் சுற்றினால் தகடும் சுற்றும், பெல்ட் வழியாக உருளையும் சுற்றும். தண்டின் ஏற்ற இறக்கம் காகிதத்தில் கோடாக விழும்.

அக்கா பத்து நாள் அலுமினியத் தகட்டோடு குடித்தனம் நடத்தினார். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ரோலர் என்று மேடம் எச்சரித்திருந்தார். கணக்கில் வருவது ரோலரின் மையம் போகும் பாதை. தகட்டின் விளிம்போ ரோலரின் ஆரம் அளவுக்கு உள்ளே இருக்க வேண்டும். அக்கா அந்தப் பாதை நெடுகச் சின்னச் சின்ன வட்டங்களாகப் போட்டு, எல்லாவற்றையும் உட்புறமாகத் தொட்டுச் செல்லும் கோட்டை வரைந்து, அதன்படி அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்தார். விளிம்பில் விரலை ஓட்டினால் எங்கேயும் தட்டவில்லை. கடைசியாக, எல்லாவற்றையும் ஏந்தி நின்ற தாங்கியின் முகப்பில் சிவப்பு அம்பு ஒன்று வரைந்தார்: வலப்பக்கமாகச் சுற்றவும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதல் பிரிவு. பேனாவையும் உருளையையும் மாட்டி முடித்ததே அன்று காலைதான்; சுற்றிப் பார்க்க நேரம் இருக்கவில்லை. இருபத்திரண்டு பேர். தலைவர் மதியம்தான் வருவார் என்பதால் இதை வெள்ளோட்டம் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார் மேடம். வர வேண்டிய கோட்டைப் பலகையில் வரைந்தும் வைத்தார்: இடப்பக்கம் சாய்வாக ஏறும் குன்று, உச்சியில் சமதளம், பிறகு செங்குத்தான இறக்கம், பிறகு தரை.

அக்காவின் குரல் முதல் நிமிடம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பிறகு கை கைப்பிடியைத் தொட்டதும் குரல் மேலே வந்துவிட்டது. சுற்றினார். பேனா தரையிலேயே வெகுநேரம் நடந்தது. அப்புறம் கைப்பிடி கனத்தது. அக்காவின் தோள் முன்னால் சாய்ந்தது. பேனா விறுவிறுவென்று சுவரேறியது. உச்சியில் நின்றது. பிறகு ஆற அமர இறங்கியது.

காகிதத்தைப் பிரித்துப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்தார். கண்ணாடியில் பார்த்தது போல எல்லாம் இடம் மாறியிருந்தது. கடைசி வரிசையில் மொட்டை என்று கூப்பிடப்படும் பையன்தான் மெதுவாக வாயைத் திறந்தான்.

“அக்கா, வண்டி ரிவர்ஸ்ல போகுது போல.”

சிரிப்பு எழுந்தது. அக்காவும் சிரித்துவிட்டு, அப்படியானால் திருப்பிச் சுற்றிப் பார்க்கலாம் என்று காகிதத்தை உருளையில் முன்பு இருந்தபடியே மாட்டி, அம்புக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். பேனா வந்த வழியே, போட்ட கோட்டின் மேலேயே பிசகாமல் திரும்பிப் போனது. தகடு பின்னால் போனால், பெல்ட்டில் கட்டிய காகிதமும் கூடவே பின்னால் போகிறது. புதிதாக என்ன வரும்? இந்த முறை அவர் சிரிக்கவில்லை. மேடம் எழுந்து வகுப்பை வேறு பக்கம் கொண்டுபோனார்.

பன்னிரண்டரைக்கு அக்கா சாமான் அறைக்குள், என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. புதுத் தகடு அறுக்க இரண்டு நாளாவது வேண்டும். தலைவர் வர ஒன்றரை மணி நேரம் இருந்தது. மேடம் வந்து, தலைவரிடம் சொல்லி நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அக்கா தலையை மட்டும் ஆட்டினார். கணவரின் அழைப்பு வந்தது.

“சாப்பிட்டியா?”

“இல்ல.”

“அப்ப ஊத்திக்கிச்சா?”

“ஊத்திக்கிச்சு. என் தப்புதான். எங்கேன்னுதான் தெரியல.”

“எங்கேன்னே தெரியாம அது எப்படி உன் தப்பாகும்? நீ முதல்ல சாப்பிடு. பசியில பார்த்தா எல்லாமே நம்ம தப்பாத்தான் தெரியும்.”

அக்கா போனை வைத்துவிட்டு, சாப்பிடாமல், தகட்டைக் கழற்றினார். வரைபடத்தின் மேல் வைத்தார். விளிம்பும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. தாளில் சரி, இயந்திரத்தில் தப்பு. உதிரி ரோலர் ஒன்றை எடுத்து, தகட்டைத் தன் முன்னால் நிமிர்த்திப் பிடித்து, அதன் தலைமேல் ரோலரை வைத்தார். தகட்டை அம்பு சொன்னபடி மெல்ல வலப்பக்கம் திருப்பினார். அவர் பார்த்துப் பார்த்துச் செய்த மெதுவான ஏற்றம் ரோலருக்கு வலப்பக்கம் இருந்தது. ரோலரைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

“அட,” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் என்னிடம் சொல்லவில்லை. “பெல்ட் வலப்பக்கம் ஓடினா அடுத்த பெட்டி இடப்பக்கத்துலேர்ந்துதானே வரும்.”

பதினொரு வருடம் கண் முன்னால் ஓடிய பெல்ட். தகடு வலப்பக்கம் சுற்றும் என்றால் அதன் மேல் டிகிரிகளை இடப்பக்கமாகக் குறித்துக்கொண்டு போக வேண்டும். அவர் சுற்றுகிற திசையிலேயே குறித்துவிட்டார். தொழிற்சாலையில் பழைய தகட்டைப் பார்த்துப் புதியதை மாட்டினாரே தவிர, வெறும் தாளிலிருந்து ஒன்றையும் பிறப்பித்ததில்லை. ரோலர் என்கிற பெரிய பள்ளத்தைத் தாண்டிக் குதித்தவர், வாசற்படியில் இடறியிருந்தார். வருடா வருடம் பாதி வகுப்பு பரீட்சையில் இதே இடத்தில்தான் இடறும் என்று மேடம் பிறகு சொன்னார்.

ஆனால் தப்பு திசையில் வரைந்த தகட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அப்பளம்போல் மெலிதான அதற்கு முதுகும் ஒன்றுதான், முகமும் ஒன்றுதான். தொடக்கக் கோடு இருந்த இடத்திலேயே இருக்க, தகட்டைப் புரட்டிப் போட்டால் வலது இடதாகிவிடும். தகட்டை அச்சோடு பிடித்தவை மூன்று திருகுகள். இடம் மாறாமலிருக்கச் செருகிய ஊசி, தொடக்கக் கோட்டின் மேலேயே இருந்ததால் அதுவும் வம்பு செய்யவில்லை. அக்கா புரட்டி முடுக்கிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பேனா சாவகாசமாக ஏறியது, நின்றது, பொத்தென்று இறங்கியது, ஓய்ந்தது. கைப்பிடி எங்கேயும் கனக்கவில்லை. அதன் பிறகுதான் டப்பாவைத் திறந்தார்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து, தகட்டை மறுபடியும் பழைய பக்கத்துக்கே புரட்டி மாட்டினார். காரணம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

இரண்டு மணிக்குத் தலைவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அக்கா பலகையில் இருந்த கோட்டைக் காட்டினார், இதுதான் வர வேண்டும் என்றார், சுற்றினார், தப்பான கோட்டை வரவழைத்தார்.

“காலையில நான் செஞ்ச தப்பு இது. தகடு அளவுல ஒரு நூல் கூட பிசகல. அப்ப எங்கே தப்பு? கண்டுபிடிங்க. புதுசா அறுக்கக் கூடாது.”

வகுப்பு எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டது. கைப்பிடியைத் திருப்பிச் சுற்றச் சொன்னார்கள்; பேனா போட்ட கோட்டிலேயே திரும்பி வந்து அவர்களை ஏமாற்றியது. ஒருத்தி பெல்ட்டை எட்டுப்போல் குறுக்கே மாட்டிவிட்டுத் திருப்பிச் சுற்றலாம், காகிதம் மட்டும் பழைய திசையிலேயே போகும் என்றாள். அது நடக்கும், ஆனால் அம்பை அழிக்க வேண்டும் என்றார் அக்கா. முன் வரிசைக்காரன் ஒருவன்தான் உள்ளங்கையைப் புரட்டிக் காட்டினான். மூன்று திருகு. ஒரு சுற்று. குன்று சரியான பக்கம் வந்தது.

தலைவர் எழுந்து வந்தார். தானே சுற்றிப் பார்த்தார். தகட்டைப் பழைய பக்கத்தில் மாட்டச் சொல்லி மறுபடியும் சுற்றினார். ஏற்றத்தில் அவர் கை திணறியது.

“இப்ப மட்டும் ஏன் கனக்குது?”

“உயரம் அதேதான் சார். அந்தப் பக்கம் நூத்திருபது டிகிரியில ஏறுது. இந்தப் பக்கம் அறுபதுலேயே ஏறணும். சரிவு செங்குத்தாயிடுது. தகடு ரோலரை மேல தள்ளுறதோட பக்கவாட்டுலயும் தள்ளுது. தண்டு அது போற துளையில ஒரு பக்கமாச் சாய்ஞ்சு உரசுது.”

“இறங்கும்போது?”

“இறக்கி விடுறது ஸ்பிரிங் சார். தகடு வழி விட்டாப் போதும்.”

தலைவர் இன்னும் இரண்டு முறை சுற்றினார். மேடத்தைப் பார்த்து, கால அட்டவணையில் அக்கா பேரைப் போட்டுவிடுங்கள் என்றார். பிறகு அக்காவிடம், அடுத்த வாரம் எந்த மாதிரியைக் காட்டப்போகிறீர்கள் என்று கேட்டார்.

“அதுக்கு முன்னால காலையில வந்த பிள்ளைங்களுக்கு இன்னொரு மணி நேரம் வேணும் சார்,” என்றார் அக்கா. “அவங்க நோட்டுல குன்று இன்னும் திரும்பித்தான் நிக்குது.”

புதன்கிழமை முதல் மணி நேரம் கிடைத்தது. மொட்டை முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தான்.