கப்பல் நாட்களைக் கழிக்கலாமா?

ஊரிலிருந்து கடல் கடந்து வந்த நான், ஜார்ஜ் டவுன் அலுவலகத்தில் புதுக் குமாஸ்தா. ஊர் விடுப்புக்குப் புதிய விதிகளின் வரைவு வந்தது. கப்பலில் போகும் நாட்களையும் விடுப்பிலிருந்தே கழிப்பார்களாம். நாகப்பட்டினத்தில் அப்பா படுத்த படுக்கை. பாதி விடுப்பு கடலிலேயே தீர்ந்துவிடும்.

சக குமாஸ்தாக்களிடம் கருத்துக் கேட்கும் குறிப்பை எங்கள் வெள்ளைக்காரத் துரை என்னையே டைப் அடிக்கச் சொன்னார். மூன்று கேள்விகள் போட்டேன். கப்பல் நாட்களைக் கழிக்கலாமா? எடுக்காத விடுப்பைச் சேர்த்து வைக்கலாமா? இல்லாதவர் வேலையை யார் பார்ப்பது? வெள்ளிக்கிழமைக்குள் கோப்பிலேயே எழுத வேண்டும்.

சூலியா தெருத் தேநீர்க் கடையில் எங்கள் மூத்த குமாஸ்தா மேசையைத் தட்டி, இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு சொன்னார்.

"முதல் கேள்விக்கு நான் கிழிச்சு எழுதறேன் லா! கவலைய விடு தம்பி."

கோப்பு மூத்தவரிடம்தான் முதலில் போகும். அவர் எழுதுவதற்குக் கீழே மற்றவர்கள் கையெழுத்து வைப்பார்கள். வெள்ளிக்கிழமை கோப்பு என்னிடம் திரும்பி வந்தது. முதல் கேள்விக்கு மூத்தவர் எழுதியிருந்தது: "கழிக்கலாம். வேறு கருத்தில்லை." கீழே எட்டுக் கையெழுத்து.

"என்ன அண்ணே இது?"

"தலைமைக் குமாஸ்தா வேல காலியாகுது தம்பி. தொரை இதப் படிப்பாருல்ல?"

கடைசியில் நான் மட்டும் "கழிக்கக் கூடாது" என்று எழுதினேன். விதி அப்படியே வந்தது. அந்த வருஷம் நான் ஊருக்குப் போகவில்லை.