இரண்டு பூட்டும் ஒரு சாவியும்

எங்கள் சின்னம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவன் கல்லூரியில் தர்க்கம் சொல்லிக் கொடுத்தான். இளையவள் கணவன் அதே கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூடத்து அட்டெண்டர். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே அண்ணன்தான். பெண் கொடுத்த வீட்டுக்குச் செய்த உபகாரம் என்று சின்னம்மா சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவாள். அந்த உபகாரம்தான் கடைசியில் கழுத்தில் சுருக்காக விழுந்தது.

அண்ணனுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஆகவே'. எதைச் சொன்னாலும் இரண்டு வாக்கியம் சொல்லி, மூன்றாவதாக 'ஆகவே' போடுவான். வீட்டில் கூட அப்படித்தான். "பசிச்சவன் சாப்பிடணும். எனக்குப் பசிக்குது. ஆகவே..." என்று இழுப்பான். "ஆகவே தட்டை நீயே கழுவி எடுத்துட்டு வா" என்பாள் தங்கை.

ஆண்டுதோறும் முதல் வகுப்பில் பலகையில் மூன்று வரி எழுதுவானாம். 'ஆசிரியர்கள் எல்லாரும் வழுக்கைத் தலையர்கள். நான் ஆசிரியர். ஆகவே நான் வழுக்கைத் தலையன்.' எழுதிவிட்டுத் தலையைக் குனிந்து காட்டுவான். கரடி மாதிரி அடர்ந்த முடி. வகுப்பே சிரிக்கும்.

"சிரிக்காதீங்க. இந்த வாதத்துல கோணல் எங்கே?" என்று கேட்பான்.

"முடிவு பொய் சார்."

"முடிவு பொய்தான். ஆனா கட்டுமானம் பிசகலை. முதல் ரெண்டு வரியை ஒத்துக்கிட்டவன் மூணாவதை ஒத்துக்கிட்டே ஆகணும், தப்பிக்கவே முடியாது. அப்போ பொய் எங்கிருந்து வந்தது? முதல் வரியில. நேரான குழாயில அழுக்குத் தண்ணியை ஊத்தினா அழுக்குத் தண்ணிதான் வரும். குழாய் மேல குத்தம் சொல்லாதே."

தண்ணீர் அழுக்கா இல்லையா என்று யார் பார்ப்பது என்று ஒரு பையன் கேட்டானாம். "அது கண்ணு இருக்கிறவன் வேலை. தர்க்கத்தோட வேலை குழாயைப் பாக்கிறது" என்றானாம் அண்ணன். இதை எங்களிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

மாப்பிள்ளை பேசாத மனிதன். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மருந்துச் சரக்கறையைப் பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டு வருவான். தூங்கும்போதும் அவிழ்ப்பதில்லை. "என்னைவிட அந்தச் சாவியைத்தான் கெட்டியாப் புடிச்சிருக்கார்" என்று தங்கை கேலி செய்வாள்.

ஒரு நாள் சரக்கறை திறந்து கிடந்தது. விளையாட்டாக உள்ளே போன மாணவன் ஒருவன் அமில பாட்டிலைத் தட்டிவிட்டான். அது உடைந்து தெறித்ததில் பையனுக்கு ஒரு கண் போயிற்று. கதவு ஏற்கனவே திறந்திருந்தது என்பதைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. திறந்து போட்டவன் யார் என்று விசாரிக்க முதல்வர் மூன்று பேரை நியமித்தார். நியாயம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் என்று அதில் அண்ணனையும் சேர்த்தார்.

"வேண்டாம் சார், அவர் என் மாப்பிள்ளை" என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். "அதனாலதான் நீங்க. நீங்க சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க" என்றார் முதல்வர். ஊர் வாய் சும்மா இருக்குமா? 'வேலிக்கு ஓணான் சாட்சி' என்று ஆசிரியர் அறையிலேயே சிரித்தார்கள். அது அண்ணன் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவன் தங்கை வீட்டுப் பக்கம் போகவில்லை. தன் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமோ என்று பயந்து, மறு பக்கம் சாய்ந்துவிட்டான்.

விசாரணையில் மாப்பிள்ளை ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "பூட்டினேன் சார். திறக்கலை."

"சாவியை யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

"இல்லை."

"வேற சாவி உண்டா?"

"என்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான் சார்."

பூட்டில் உடைத்த அடையாளம் இல்லை. அண்ணன் தீர்ப்பை எழுதினான். அந்தப் பூட்டைத் திறக்க அதற்குரிய சாவி வேண்டும். அந்தச் சாவி அட்டெண்டரிடம் மட்டுமே இருந்தது. ஆகவே திறந்தவர் அட்டெண்டரே. மற்ற இருவரும் படித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். தர்க்கம் படித்தவன் எல்லாவற்றையும் பார்த்திருப்பான் என்று அவர்கள் நினைத்தார்கள். பூட்டைப் பார்ப்பது தன் வேலையில்லை, அதைக் குழுவில் இருந்த வேதியியல்காரர் பார்த்திருப்பார் என்று இவன் நினைத்தான்.

மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. பிள்ளையின் கண்ணைக் கெடுத்தவன் என்ற பழியோடு வீட்டுக்குள் முடங்கினான். தெருவில் பள்ளிப் பிள்ளைகள் போகிற நேரம் ஜன்னலைச் சாத்திவிடுவான். சாப்பாடு குறைந்தது, பிறகு பேச்சும் நின்றது. இருந்த சாவியைப் பறிகொடுத்த பிறகும் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொள்வானாம்.

தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அண்ணா, அவர் திறக்கலை."

"நீ தங்கச்சியாப் பேசறே. நான் எழுதினதுல ஓட்டை எங்கேன்னு சொல்லு."

"எனக்கு ஓட்டையும் தெரியாது, ஒடசலும் தெரியாது. அவர் பொய் சொல்ல மாட்டார். நீ எழுதினதோட முடிவு பொய். முடிவு பொய்யா இருந்தா என்ன அர்த்தம்? தட்டு கழுவச் சொன்னப்ப எல்லாம் எனக்குப் பாடம் எடுத்தியே, நீயே சொல்லு."

கட்டுமானம் சரியாக இருந்து முடிவு பொய்யானால், மேலே உள்ள இரண்டில் ஒன்றாவது பொய்யாகத்தான் இருக்க வேண்டும். அண்ணன் ஆயிரம் முறை சொல்லிக் கொடுத்த பாடம் அது.

"உன் ரெண்டு வரியில எது பொய்யின்னு நீ போய்ப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டுத் தங்கை போய்விட்டாள்.

உடனே போயிருக்கலாம். போகவில்லை. இந்தச் சந்தேகம் வெறும் தங்கைப் பாசம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தினான். மாப்பிள்ளை மார்வலி என்று படுத்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் வழியிலேயே போய்ச் சேர்ந்தான். சாவு வீட்டில் தங்கை அண்ணனுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னாள், அந்நியருக்குப் போடுவது போல.

அதற்குப் பிறகுதான் அண்ணன் அந்தச் சரக்கறை முன்னால் போய் நின்றான். அங்கே அதே பூட்டு தொங்கியது. அவன் சட்டைப் பையில் தர்க்கத் துறைப் புத்தக அலமாரியின் சாவி இருந்தது. அந்தப் பூட்டும் இதே அச்சு. கல்லூரிக்கு ஒன்றாக வாங்கிப் போட்டவை. சாவியை நுழைத்துத் திருப்பினான். பூட்டு ஒரு முனகல் கூட இல்லாமல் திறந்துகொண்டது.

முதல் வரியே பொய். அந்தச் சாவி இல்லாமலே திறக்கலாம். திறக்கக்கூடியவர்களில் அவனும் ஒருவன். இத்தனை நாளும் அதை நெஞ்சுக்கு மேலே சுமந்துகொண்டுதான் நடந்திருக்கிறான். உண்மையில் திறந்து போட்டவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

எழுதிய தீர்ப்பு தவறு என்று முதல்வரிடம் எழுதிக் கொடுத்தான். "போனவரைக் குத்தவாளி இல்லைன்னு சொல்லி என்ன சார் ஆகப்போவுது?" என்றார் அவர். ஆனாலும் விடாமல் நின்று, முத்திரை போட்ட காகிதத்தை வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனான். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாவி திறந்த கதையைச் சொன்னான். அவள் கையைக் கழுவவில்லை.

"உனக்கு ஒரு சாவியைப் போட்டுப் பாத்த பிறகுதான் அவரைத் தெரியுது, இல்லையா அண்ணா? அங்கே வை. ஈரம் படாத எடமாப் பாத்து வை."

பிற்காலத்தில் அண்ணனுக்கு முடி கொட்டி, தலை பளபளவென்று ஆகிவிட்டது. பழைய மூன்று வரியை எழுதினால் இப்போது முடிவு உண்மை என்று மாணவர்கள் கேலி செய்தார்களாம். "முடிவு உண்மையாயிட்டதால முதல் வரி உண்மையாயிடாது" என்றானாம், சிரிக்காமல். அந்த வரிகளை அவன் அதற்குப் பிறகு எழுதவில்லை. மேசை மேல் இரண்டு பூட்டையும் ஒரு சாவியையும் வைத்துவிட்டு, பலகையில் தான் எழுதிய தீர்ப்பை எழுதுவான். மாணவர்கள் சரி சார் என்பார்கள். சாவியை எடுத்து இரண்டு பூட்டையும் ஒவ்வொன்றாகத் திறப்பான். பாடம் அவ்வளவுதான். பலகையை அழிக்காமலே வெளியே போய்விடுவானாம்.