ஒன்பது மணிக்குத் தூங்கும் போன்

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளில் ஓரிக்கை சுகாசினியைத் தெரியாதவர்கள் குறைவு. புடவை முந்தானையில் தொங்கும் நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு, மணி கோத்துக் குச்சு கட்டுவதில் அவள் கைக்கு ஈடு இல்லை என்பார்கள். ஆனால் இன்னொருத்தி கட்டிய குச்சை அவள் காதுபட யாரும் பாராட்ட மாட்டார்கள். அப்படித் தெரியாத்தனமாகப் பாராட்டிய ஒரு மேனேஜர், தீபாவளி நேரத்தில் அவளைத் தேடி வீடு வரைக்கும் வந்து கெஞ்ச வேண்டியிருந்தது. சிலருக்குக் கோபத்தை அடக்கத் தெரியாது, சிலருக்கு நாக்கை அடக்கத் தெரியாது. சுகாசினிக்குப் பொறாமையை அடக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

குச்சு விஷயத்தில் வருகிற பொறாமை ஒரு வாரத்தில் ஆறிவிடும். தம்பி விக்ரம் விஷயத்தில் வந்த பொறாமைதான் ஆறவில்லை.

அவர்களுடைய அப்பா அம்மா மாகறல் பக்கம் கூலி வேலை செய்தவர்கள். அம்மா காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அப்பா வேலை தேடிப் போனவர் திரும்பவில்லை. பத்தாவது படித்துக்கொண்டிருந்த சுகாசினி புத்தகத்தை மூடிவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு ஓரிக்கைக்கு வந்து, ஒரு வீட்டுக்கார அம்மாளிடம் குச்சுக் கட்டக் கற்றுக்கொண்டாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. தம்பி ஒரு வழிக்கு வரட்டும் என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினாள். தம்பி ஒரு வழிக்கு வந்தான். அதற்குள் பெண் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். பெற்ற மனம் பித்து என்று யாராவது சொன்னால், பெறாத மனமும் பித்துதான் என்று எண்ணிக்கொள்வாள்.

விக்ரம் வெளியூரில் தங்கி ஐ.டி.ஐ. படித்த நாளில் இருவரிடமும் ஆளுக்கொரு பட்டன் போன் இருந்தது, அதில் பேசுவதற்குக் காசு இருக்காது. அப்போது அக்கா ஒரு சட்டம் போட்டாள். ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவேன், நீதான் கூப்பிட வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அந்த ஒரு ரிங் போகும். அடுத்த நிமிடம் தம்பி எப்படியோ கூப்பிட்டுவிடுவான். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம் என்ற காலம் வந்தது. ஸ்மார்ட்போன் வந்தது. சட்டம் மட்டும் மாறவில்லை. பாசம் உள்ளவனுக்கு ஒரு ரிங் போதும், ரெண்டாவது தடவை கூப்பிடுவது பிச்சை கேட்கிற மாதிரி என்பது அவள் கட்சி. பேச்சில் பெரிதாக ஒன்றும் இருக்காது. என்ன குழம்பு, கரண்ட் போச்சா, கம்பெனி பஸ்ஸில் இடம் கிடைத்ததா, அவ்வளவுதான். ஆனாலும் அதைப் பேசாமல் அவள் பாயை விரித்ததில்லை.

விக்ரமுக்கு ஒரகடத்தில் வேலை. கல்யாணமாகி மனைவி சிம்ரனோடு வையாவூர் ரோட்டில் குடியிருந்தான். சிம்ரன் தென்னேரிப் பெண், ஊருக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். முதல் ஷிப்ட் என்றால் விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். ராத்திரி முழுக்க போனில் நண்பர்கள் குரூப்பு டிங் டிங் என்று கத்தும், இவனும் எடுத்து எடுத்துப் பார்ப்பான். ஒருநாள் மெஷின் பக்கத்தில் நின்றபடியே கண் அசந்துவிட்டான். சூப்பர்வைசர் தோளைத் தொட்டு எழுப்பினார். கை உள்ளே போகாமல் தப்பியது புண்ணியம்.

அன்று சாயங்காலமே சிம்ரன் அவன் போனில் பெட்டைம் மோடு போட்டுவிட்டாள். ஒன்பது மணி ஆனால் யாரும் தொடாமலே திரையின் வெளிச்சம் இறங்கும், கலரெல்லாம் போய்ச் சாம்பல் பூத்துவிடும். மெசேஜ் வரும், சத்தம் வராது. கால் வரும், மணி அடிக்காது. காலையில் அலாரம் மட்டும் தவறாமல் அடிக்கும்.

சுகாசினியின் ரிங் ஒன்பதேகாலுக்குப் போவது வழக்கம். அன்றைக்கும் போனது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மதியம், ஷிப்ட் முடிந்து விக்ரமே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். போனே தூங்கிவிடுகிறதாம். இனிமேல் மத்தியானத்தில் பேசலாம் என்றான். அவன் கை தப்பியதைக் கேட்டு அவள் பதறியது உண்மை. ஆனால் போனைத் தூங்க வைத்தது சிம்ரன் என்று கேட்டதும் அந்தப் பதற்றம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"நல்லதுதான்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மத்தியானப் பேச்சு அவளுக்குப் பேச்சாகவே படவில்லை. அது கடைக்குப் புடவை கொண்டுபோகும் நேரம், வண்டிச் சத்தம். பழைய நேரத்திலேயே ஒரு ரிங் விட்டுப் பார்ப்பாள், போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். மறுபடி கூப்பிட மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். குழம்பு ஒரு சாக்கு. அந்தப் போனை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்பது அடித்தது. விக்ரம் கையிலிருந்த போன் சொன்னபடி சாம்பலாயிற்று. அவன் அதை ஃபிரிட்ஜ் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த துண்டு மீனை எடுத்தான். மூவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். சுகாசினிக்கு மனசு கொஞ்சம் இளகியது. எல்லாருக்கும் ஒரே பூட்டுதானே என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் மேலிருந்த போன் வீடே அதிர அடித்தது. சிம்ரன் ஓடிப்போய் எடுத்தாள். தென்னேரியிலிருந்து அவள் அம்மா காந்தா. தான் தன் போனை எங்கேயோ வைத்துவிட்டதால் அம்மா மாப்பிள்ளைக்குக் கூப்பிடுகிறாள் என்று சிரித்தபடி சொன்னாள்.

சுகாசினி தட்டை நகர்த்தி வைத்தாள். அக்கா கூப்பிட்டால் தூங்குகிற போன், மாமியார் கூப்பிட்டால் முழித்துக்கொள்கிறது. பூட்டுப் போட்டவள் யாரை உள்ளே விட வேண்டும், யாரை வாசலில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தேதான் போட்டிருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் விளக்கம் சொல்வார்கள், அந்த விளக்கத்தைச் சிம்ரன் வாயால் கேட்கத் தெம்பில்லை. குழம்புப் பாத்திரத்தைக் கூட வாங்காமல் கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காந்தாவின் முகம் கண்முன் வந்தது. பெண்ணைக் கொடுத்து ரெண்டு வருஷம் ஆகவில்லை, அதற்குள் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் முதல் வேலையாக, கடைத்தெருவில் போன் ரிப்பேர் பார்க்கும் கலைவாணனிடம் போய்த் தன் போனிலும் அதே மாதிரி போடச் சொன்னாள். எட்டரைக்கே தூங்க வேண்டும் என்றாள். ராத்திரியில் யார் கூப்பிட்டால் அடிக்கலாம் என்று அவன் கேட்டான்.

"யாரும் வாணாம். என் தம்பி கூப்டாலும் அடிக்கக் கூடாது."

கலைவாணன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரத்தை மட்டும் செட் பண்ணிக் கொடுத்தான்.

அன்றிலிருந்து ஒன்பதேகால் ரிங் நின்றது. மத்தியானத்தில் விக்ரம் கூப்பிட்டால் ம், சரி, ஆச்சு என்பதோடு முடித்துக்கொண்டாள். அவன் தவிக்க வேண்டும் என்று ஆசை, தவிக்கிறானா என்று தெரியாத வேதனை. இதில் தொழிலும் கெட்டது. ராத்திரியில் கடையிலிருந்து புடவைப் போட்டோ அனுப்பி, கரைக்கு எந்தக் கலர் குச்சு எடுப்பாக இருக்கும் என்று கேட்பார்கள். திறந்து பார்த்தால் அரக்கும் சாம்பல், மயில்கழுத்தும் சாம்பல். அதை நிறுத்தும் வழியும் அவளுக்குத் தெரியாது, கலைவாணனிடம் திரும்பிப் போகவும் ரோஷம் விடவில்லை. விடியும் வரை நூலை எடுக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

மாதம் ஒன்று இப்படிப் போயிற்று. ஒரு நாள் சாப்பிட்டு முடித்து, போன் சாம்பலாகிக் கிடந்த நேரத்தில், ஒரு முந்தானையை மடியில் போட்டு முடிச்சிட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று போன் மணி அடித்தது. ஏமாற்றிவிட்டானே கலைவாணன் என்று எடுத்தாள். விக்ரம் பேர் இருந்தது.

"இன்னாக்கா, மொத தடவ எடுக்கவே இல்ல?"

"என் போனும் தூங்குதுடா. உன்னுது மட்டுந்தான் தூங்குமா?"

அவன் சிரித்துவிட்டான். "பெட்டைம் போட்டுக்கினியா? அதான். திருப்பிக் கூப்டதும் அடிச்சிது."

அவளுக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். ஒரே ஆள் கால் மணி நேரத்துக்குள் இரண்டாவது தடவை கூப்பிட்டால், ஏதோ அவசரம் என்று போன் மணி அடித்துவிடும். அவன் மாமியாருக்குப் பொறுமை கிடையாது, எடுக்காவிட்டால் வைத்த கையோடு மறுபடி போடுவாள். அன்றைக்கு மீன் குழம்பு சாப்பிடும்போதும் முதல் தடவை வந்தது யாருக்கும் தெரியவில்லை.

"நீதான்க்கா ரெண்டாவது தடவ கூப்டதே இல்ல" என்றான்.

சுகாசினி கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள். அத்தனை ராத்திரியும் அந்தக் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது. ஒரு தடவை தட்டிவிட்டு, ரோஷத்தை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவள்தான். அவமானமாக இருந்தது. ஆனால் அவமானத்தையும் மீறிப் பழைய குணம் தலைதூக்கியது. அப்படியானால் முதல் தடவையிலேயே யாருக்கும் அடிக்காதா என்று கேட்டாள். பேருக்குப் பக்கத்தில் ஸ்டார் போட்டால் அடிக்கும், இதுவரைக்கும் யாருக்கும் போடவில்லை என்றான்.

"உங்க மாமியாருக்கு?"

"போடலக்கா."

"எனக்குப் போடு விக்ரமு" என்றாள். குரல் உடைந்தது. "எனக்கு மட்டும் போடு. வேற யாருக்கும் போடாத."

சொன்ன பிறகுதான் மறுமுனையில் வேறொரு மூச்சும் கேட்பதாகப் பட்டது. போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. சிம்ரன் பக்கத்தில்தான் இருக்கிறாள். கேட்டிருப்பாள், மாமியாருக்கு என்றதையும் கேட்டிருப்பாள், மட்டும் என்றதையும் கேட்டிருப்பாள். சுகாசினிக்குக் காது மடல் சுட்டது.

மறுமுனையில் போன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு விக்ரம் சொன்னான்.

"போட்டாச்சுக்கா. இவதான் போனை வாங்கிப் போட்டா. இனிமே ஒரு ரிங் விட்டா போதும்."

சரி என்று வைத்துவிட்டாள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அதுவும் சிம்ரன் கையால் கிடைத்தது. அவள் முடியாது என்றிருந்தால் ஒரு வருஷத்துக்குச் சண்டை போடலாம். இப்படிச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டவளை என்ன செய்வது?

அவளுக்கு நம்பிக்கையும் வரவில்லை. தம்பி எண்ணை எடுத்து ஒரு ரிங் விட்டாள், கட் பண்ணினாள். கீழே வைப்பதற்குள் தம்பி எண்ணிலிருந்தே போன் அடித்தது.

"அடிச்சிது அண்ணி" என்றாள் சிம்ரன்.

சுகாசினி நேரத்தைப் பார்த்தாள். "சரிம்மா, போய்ப் படுங்க. அவனுக்குக் காலைல பஸ்ஸு" என்றாள். பிறகு மடியில் கிடந்த முந்தானையை எடுத்துக்கொண்டாள். வயிறு எரியத்தான் செய்தது, யார் மேல் என்று தெரியாமலே அடுத்த முடிச்சைப் போட்டாள்.