மேஸ்திரிக்கு மாற்று ஆள்

இருபத்தாறு மணி நேரம் நிற்காமல் கான்கிரீட் போட வேண்டிய அடித்தளம் அது. இஞ்சினியர் நாலு நிறத்தில் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். அதன் அழகுக்குக் கண்ணேறுதான் படவேண்டும்.

மேஸ்திரியின் விரல் மதியம் இரண்டு மணியில் நின்றது. முதல் குழு வேனில் கிளம்பும். அதே வேன்தான் இரண்டாம் குழுவைக் கூட்டி வரும்.

"சார், அந்த அம்பது நிமிஷம் கான்கிரீட்டை யார் பாத்துக்குறது?"

"அம்பது நிமிஷம்தானே, மேஸ்திரி."

இந்த வெயிலில் அதற்குள் மேற்பரப்பு இறுக ஆரம்பித்துவிடும். அடுத்த அடுக்கு அதோடு ஒட்டாது. கட்டடத்துக்கு அடியில் நாமே ஒரு வெடிப்பைப் புதைத்து வைத்த கணக்குதான். ஆனால் அட்டவணையில் மேனேஜர் கையெழுத்து இருக்கிறதே, கான்கிரீட் என்ன எதிர்த்துப் பேசவா போகிறது?

மேஸ்திரிக்கு அன்று வேறொரு கவலையும் இருந்தது. காலையில் மனைவிக்குக் கண் ஆபரேஷன். மூன்று மணிக்கு வந்து கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வாக்கின் லட்சணம் வீட்டுக்கே தெரியும். மகன் பிறந்தபோது கூரைத் தளத்தில் நின்றார். மகளைப் பெண் பார்க்க வந்தபோது தூண் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் மாற்றுவதில் கெட்டிக்காரர். தனக்கு மாற்று ஆள் வேண்டுமென்றுதான் முப்பது வருஷமாகத் தோன்றவேயில்லை. அட்டவணையிலும் அவருக்கு மாற்று ஆள் எழுத வேண்டிய கட்டம் காலி.

இரண்டாம் குழுவை முன்கூட்டியே கூட்டி வர, ஒரு மணிக்கு யாரையும் கேட்காமல் வேனைக் காலியாக அனுப்பினார். "வர்றவன் கை பட்டாத்தான் போறவன் கை விடணும். கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்குற வைப்ரேட்டர் தரையில படக் கூடாது," என்று முதல் குழுவிடம் சொல்லிவிட்டார். பாதிப் பேர் சாப்பிட, பாதிப் பேர் வேலையைப் பார்த்தார்கள். புதியவர்கள் இரண்டு மணிக்குள் வந்து, ஒவ்வொருவராகப் பக்கத்தில் நின்று, கைக்குக் கை வாங்கிக்கொண்டார்கள். பம்ப் ஒரு நொடியும் நிற்கவில்லை.

"பாத்தீங்களா, என் அட்டவணை வேலை செஞ்சிடுச்சு!" என்றார் இஞ்சினியர்.

"ஆமா சார். இப்ப எனக்கு மாத்து ஆள் நீங்கதான். அரை மணி என் பக்கத்துல நில்லுங்க, அப்பறம்தான் கைமாறும்."

"நானா?"

"கட்டம் காலியா இருக்கே, சார்."

வேனை முன்கூட்டி அனுப்பி அட்டவணையின் ஓட்டையை அடைத்த விஷயம் மேனேஜர் காதுக்குப் போகாமலிருக்க இஞ்சினியருக்கும் ஆசைதான். பளபள ஷூவோடு கம்பி வலைமேல் அரை மணி நின்றார். எந்த மூலையில் அடுத்த அடுக்கு, எந்த லாரி முந்தி வந்தது, எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு ஆட்களை ஏவும் மேஸ்திரியின் விசில் கைமாறியது.

மனைவி ஒரு கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தாள். மணி மூன்றுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

"வேலை நின்னு போச்சா?" என்று பதறினாள்.

"இல்லம்மா, ஓடிட்டிருக்கு."

"அப்ப நீங்க எப்படி வந்தீங்க?"

அவர் அவள் பையை வாங்கிக்கொண்டார். அவள் கை அவர் கையைப் பிடித்த பிறகுதான் பெஞ்சை விட்டது.