முப்பத்தஞ்சு புள்ளி நாலு

என் ஜிம்முக்குள் நுழைந்தவுடன் தெரிகிற சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தேன். பெண்கள் வரும் நேரம் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. அந்த நேரத்துக்கு வருகிற ஒவ்வொருவரின் கொழுப்பு சதவீதமும் மாதாமாதம் அதில் ஏறும். இறங்கினால் பச்சை மையில், ஏறினால் சிவப்பு மையில் எழுதுவேன். அருப்புக்கோட்டையில் அப்போது வேறு எந்த ஜிம்மிலும் அப்படி ஒரு பலகை கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அந்த அக்கா வந்தது ஒரு தை மாதம். விசைத்தறி வைத்திருக்கிற குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நாற்பத்து நாலு வயது. கை கால் எல்லாம் குச்சி. படி ஏறி வந்தவரைப் பார்த்து, யாரையோ கூப்பிட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர்தான் சேர வந்தவர். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, உடற்பயிற்சி செய்து பாருங்கள், சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து முடிவு செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவின் அம்மாவுக்குச் சர்க்கரையில் ஒரு பாதம் போனது. அதை அக்கா அழாமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

கூடவே அவர் வீட்டுக்காரரும் வந்திருந்தார். கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை. உயரம், எடை, பிஎம்ஐ. ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஐந்தடி உயரம், பிஎம்ஐ இருபத்தொன்றரைக்குச் சற்று மேல். நார்மல் என்று அச்சடித்திருந்தது.

“நார்மல்னு கவர்மெண்டே எழுதிக் கொடுத்திருக்கு. ஒல்லியா இருக்கவளுக்கு எதுக்கு மேடம் ஜிம்மு?” என்றார் அவர்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. பிஎம்ஐ என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது, அவ்வளவுதான். அந்தக் கணக்குக்குச் சதை எது, கொழுப்பு எது, எலும்பு எது என்று தெரியாது. ஊரில் ஆயிரம் பேரைப் பொதுவாகப் பார்க்க அது உதவும். ஒரு ஆளைப் பிடித்து உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல அது போதாது. எங்கள் ஊர்க் கபடிப் பையன்கள் பலர் அந்த அட்டையில் குண்டு உடம்புக்காரர்கள். நம் பக்கத்து ஆட்களுக்கோ கை கால் மெலிந்து வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது சகஜம். அவர்கள் அந்த அட்டையில் நார்மல்.

இதையெல்லாம் நன்றாகத்தான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மின் தராசை இழுத்துப் போட்டு அக்காவை ஏறச் சொன்னேன். முப்பத்து மூன்று என்று காட்டியது. பாருங்கள், மெலிந்த உடம்பில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்றேன். அவர் வீட்டுக்காரர் நீட்டிப் பிடித்திருந்த அட்டையைக் கீழே இறக்கினார். அந்தச் சந்தோஷத்தில், மூன்று மாதத்தில் இந்த நம்பரை இறக்கிக் காட்டுகிறேன் என்று சவாலும் விட்டேன்.

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். இறங்கினால் அவள் வரட்டும், இறங்கவில்லையென்றால் தறி வேலையைப் பார்க்கட்டும் என்று முடிவாகச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். அக்கா முடிவு செய்ய வேண்டிய காரியத்துக்கு நான் சரி சொன்னேன்.

பழைய பழக்கத்தில் அன்று காலிப்பரையும் எடுத்தேன். தோலோடு கொழுப்பைக் கிள்ளி எடுத்து, அதன் தடிமனை மில்லிமீட்டரில் அளக்கிற கிடுக்கி அது. வலது பக்கம் மூன்று இடம்: மேல்கையின் பின்புறம், இடுப்பெலும்புக்கு மேலே, தொடையின் முன்புறம். மூன்றையும் கூட்டினால் எழுபத்தேழு. நோட்டில் குறித்துவிட்டு மறந்துபோனேன். பலகையில் ஏறியது தராசின் நம்பர்தான்.

அக்கா ஒரு நாளும் தவறவில்லை. முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதற்கே மூச்சு வாங்கியவர், மாசி முடிவதற்குள் இரண்டு கையிலும் டம்பெல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியபோதுதான் நின்றார். தீச்சட்டி வேண்டுதல். ஒரு வேளைச் சாப்பாடு, காலில் செருப்பு கிடையாது. வெயில் எப்படிக் காய்ந்தது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று மாதக் கெடு, சட்டி எடுத்த மறுநாளில் வந்து விழுந்தது. ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று அக்கா போனில் கேட்டார். தேதி தேதிதான் என்று நான்தான் பிடிவாதமாகக் கூப்பிட்டேன். நம்பர் நிச்சயம் இறங்கியிருக்கும் என்ற தைரியம்.

உதடு வெடித்து, குதிகால் காய்ந்த வரப்பு மாதிரிப் பாளம் பாளமாகப் பிளந்து, அக்கா தராசில் ஏறினார். அவர் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். எடை கிட்டத்தட்ட இரண்டு கிலோ குறைந்திருந்தது. கொழுப்பு முப்பத்தஞ்சு புள்ளி நாலு.

அவர் கத்தவில்லை, கேலி செய்யவில்லை. “நீங்க சொன்ன மிஷினுதானே மேடம்,” என்றார். அக்கா படியிறங்கிப் போனார். நான் முட்டாள்தனமாகச் சிவப்பு மையை எடுத்துப் பலகையில் எழுதவும் செய்தேன்.

எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த நம்பரை நம்பினால், மூன்று மாதம் பளு தூக்கிய பெண்ணுக்குக் கொழுப்பு கூடி, இரண்டு கிலோவுக்கு மேல் சதை காணாமல் போயிருக்க வேண்டும். அது எப்படி முடியும்?

தராசு கொழுப்பைப் பார்ப்பதே இல்லை. நமக்குத் தெரியாத அளவு மெல்லிய மின்சாரத்தை ஒரு பாதத்தில் விட்டு, மறு பாதத்தில் வாங்குகிறது. உடம்பில் உள்ள நீர் மின்சாரத்தைப் போக விடும், கொழுப்பு தடுக்கும். எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. மின்சாரம் கால் வழியாகவே போய் வருவதால் மேல் உடம்பு முக்கால்வாசி ஊகம்தான். தண்ணீர் வற்றிய உடம்பும் மின்சாரத்தைத் தடுக்கும். அதைத் தராசு கொழுப்பு என்று எழுதிக்கொள்ளும். காய்ந்து தடித்த குதிகால் அதற்கு மேல் ஒரு தடை. அக்காவின் விரதத்தைத்தான் என் தராசு கொழுப்பு என்று எழுதியிருக்கிறது.

இதை நான் படித்தவள். சான்றிதழ் ஜிம் சுவரில் தொங்குகிறது. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம். பலகையைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

காலிப்பரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதே மூன்று இடம், ஒவ்வொன்றும் மூன்று முறை. கூட்டினால் அறுபத்தெட்டு. ஒன்பது மில்லிமீட்டர் குறைவு. விரலை ஓர் அங்குலம் தள்ளிக் கிள்ளினாலே அளவு மாறிவிடும், ஆனால் அன்றும் இன்றும் கிள்ளியது இதே கைதான் என்று தறியில் நின்றிருந்த அவர் வீட்டுக்காரரிடம் விளக்கினேன். தோலுக்கு அடியில் உள்ளதைத்தான் இது பிடிக்கும், கல்லீரலைச் சுற்றியுள்ளதைப் பிடிக்காது என்பதையும் மறைக்கவில்லை. தண்ணீர் விஷயத்தைச் சொன்னபோது அவர் தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

“ஈரத்துல நூலு எடை கூடும். அதை நாங்க நம்பமாட்டோம். அந்த மாதிரியா?”

அந்த மாதிரிதான், ஆனால் இங்கே ஈரம் குறைந்ததால் வந்த பொய் என்றேன். அப்படியென்றால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறட்டுமே என்றார். அதுவும் உதவாது. வயிற்றில் கிடக்கிற தண்ணீர் எடையைத்தான் கூட்டும், காலுக்குள் உடனே போய்ச் சேராது. பத்து நாள் வழக்கம்போலச் சாப்பிட்டு, குடித்து, காலில் எண்ணெய் தேய்த்து ஊற வைத்து, காலையில் வெறும் வயிற்றில், பாதத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஏறச் சொன்னேன். முப்பத்தொன்று புள்ளி இரண்டு.

நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அவர் விடவில்லை. பத்து நாளில் ஒரே மிஷின் முப்பத்தஞ்சும் காட்டுகிறது, முப்பத்தொன்றும் காட்டுகிறது, இதில் நான் எதை நம்ப என்று கேட்டார். நியாயமான கேள்வி. எலும்புக்கு எடுக்கிற டெக்ஸா ஸ்கேனில் கொழுப்பும் தெரியும், மதுரையில் இருக்கிறது என்றேன். மூவரும் பஸ் ஏறினோம்.

அக்கா மேஜையில் அசையாமல் படுத்தார். மேலே மிஷினின் கை மெதுவாக நகர்ந்து போனது. இரண்டு விதமான எக்ஸ்ரே, அதுவும் மிகக் கொஞ்சம். எலும்பு, கொழுப்பு, மற்றதெல்லாம் என்று உடம்பை மூன்றாகப் பிரித்துக் காட்டும். சில நிமிடம்தான். காகிதம் வந்தது.

முப்பத்தாறு புள்ளி ஒன்று.

இது இந்த மிஷினின் கணக்கு, மூன்று மாதத்துக்கு முன்னால் இதே மிஷினில் எடுத்திருந்தால்தான் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியும், ஒரு கருவியின் நம்பரை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். இருப்பதில் நம்பத்தக்கது இதுதான், இதுவும் ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே போகும் என்றேன். உண்மைதான் எல்லாம். ஆனால் சொல்லச் சொல்ல, மாட்டிக்கொண்டவள் பேசுகிற பேச்சாகவே என் காதுக்குக் கேட்டது. என் தராசு முதல் நாளிலிருந்தே அக்காவின் கொழுப்பைக் குறைத்துத்தான் காட்டியிருக்கும் போலிருக்கிறது. அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நம்பரைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார். ஸ்கேன் எடுத்த பெண் திரையில் காட்டினாள். மெல்லிய கால், மெல்லிய கை, நடுவில் மட்டும் வயிற்றைச் சுற்றி நிறம் அடர்ந்து கிடந்தது. அக்கா வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, கணவரிடம் தெலுங்கில் இரண்டு வாக்கியம் சொன்னார். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் தூங்கிவிட்டார். ஸ்கேன் அறையில் அக்கா தெலுங்கில் என்ன சொன்னார் என்று அவர் கணவரிடம் கேட்டேன்.

“அவ ஆத்தாளும் இப்பிடித்தான் குச்சியா இருப்பாக. இந்த உடம்புக்கு என்ன சீக்கு வரும்னு காலு போற வரைக்கும் நாங்க எல்லாரும் சொன்னோம். அதைத்தான் சொன்னா. நீங்களும்தானே சொன்னீகன்னு கேட்டா.”

என் பலகையும் அவருடைய அட்டையும் ஒரே தப்பைத்தான் செய்தன என்று ஊர் வந்து சேரும் வரை நினைத்துக்கொண்டே வந்தேன். இருவருமே நம்பரைப் பார்த்தோம், அக்காவின் பயத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பத்தரைக்கு அக்கா வந்துவிட்டார். கீழே டிவிஎஸ்ஸில் இறக்கிவிட்டது அவர் வீட்டுக்காரர்தான். எப்போது வந்து கூட்டிப்போகட்டும் என்று மேலே பார்த்து என்னிடம் கேட்டார், பன்னிரண்டு என்றேன். அக்கா வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசு இருந்த மூலைக்குப் போனார். அது அங்கே இல்லை.

“ஏற வேணாமா தங்கச்சி?”

“வேணாங்க்கா. டம்பெல்ல எடுங்க.”

அவர் எடுத்தார்.