பதினோரு வயதில் என்னைப் பெற்ற அம்மா

அம்மாவின் இரண்டாவது கல்யாணத்துக்கு நான் சாட்சி. முதல் கல்யாணத்தில் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அப்பா போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தாள். அந்த மிஷின் இரைச்சல் அவளுடைய இடது காதைக் கொண்டுபோய்விட்டது. அம்மா கட்டிக்கொள்ள இருந்தவர் மைன்ஸில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், மனைவியை இழந்தவர். இருவரும் ஒரே பஸ் ஸ்டாப்பில் ஆறு வருடம் பேசியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கடைசியாகத்தான். முதலில் கோபம் வந்தது, ஒளிப்பானேன்? அவர் அம்மாவின் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்த அன்று கோபம் போய்விட்டது.

என் தங்கைக்குப் போகவில்லை. அவள் திருவதிகையில் வாழ்க்கைப்பட்டவள். "எங்க மாமியா வூட்டுல நான் எப்பிடிண்ணா தலை நிமிந்து நிப்பேன்?" என்று போனில் அழுதாள். அதோடு அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினாள்.

கல்யாணப் பதிவுக்கு மனுக் கொடுக்க அம்மாவும் அவரும் நானும் சார்பதிவாளர் அலுவலகம் போனோம். கல்யாணத்தன்று மூன்று சாட்சிகள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, யாரும் கேட்காமலே என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகலையும் சேர்த்து நீட்டினேன். அதிகப்பிரசங்கித்தனம். எழுத்தர் அதிலிருந்த என் பிறந்த தேதியைப் பார்த்தார், அம்மாவின் ஆதாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க இவங்களுக்கு யாரு?"

"மகன்ங்க."

"அப்ப இவங்க உங்கள பதினோரு வயசுல பெத்தாங்களா?"

ஆதார் முகாமில் அம்மாவுக்குப் பிறந்த வருடம் தெரியவில்லை. "பாத்தா எவ்ளோ தெரியுதோ அதப் போட்டுக்கப்பா" என்றிருக்கிறாள். பெருந்தன்மையான பையன், எட்டு வயதைக் குறைத்துவிட்டான். அம்மா அதை இத்தனை நாளும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவர் வியர்வையைத் துடைத்தார்.

"எப்பிடியும் வயசுக்கு ஆதார் செல்லாதுங்க. பிறப்புச் சான்றிதழ், இல்லன்னா பள்ளிக்கூட டி.சி. கொண்டாங்க" என்றார் எழுத்தர்.

அப்பாவின் இறப்புச் சான்றிதழ் அம்மாவிடம் இருந்தது. அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றபோது வாங்கிய டி.சி. மட்டும் தங்கையின் பெட்டியில் இருந்தது. நான் தொலைத்துவிடுவேன் என்று பல காகிதங்களை அவள் எடுத்துப் போயிருந்தாள். நியாயமான பயம்தான்.

வண்டியை எடுத்துக்கொண்டு திருவதிகை போனேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். பதினோரு வயதுக் கதையைச் சொன்னதும், அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். பெட்டியைத் திறந்து டி.சி.யைக் கொடுத்தாள்.

"குடுத்துட்டேன்னு நான் வருவேன்னு நெனச்சிகினு இருக்காதீங்க."

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். "மூணு சாட்சியில ஒண்ணு அவதான். அவ வரலன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்" என்றாள் அம்மா. ஐம்பத்து நான்கு வயதில் அப்படி ஒரு பிடிவாதம். அவர் அதற்கும் சரி என்றார். அறிவிப்பு முப்பது நாள் அலுவலகப் பலகையில் தொங்கியது. ஆட்சேபம் என்று யாரும் வரவில்லை. ஆட்சேபிக்க வேண்டியவள் ஒரு போன்கூடச் செய்யவில்லை.

கல்யாணத்தன்று நானும், காலை ஏ ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்த அவருடைய பழைய கூட்டாளியும் இருந்தோம். "மூணாவது சாட்சி?" என்றார் பதிவாளர். வெளியே பத்திரம் எழுதுபவரைக் கூப்பிடலாம் என்றார் கூட்டாளி. அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். பதிவாளர் எங்களை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவர்களைக் கூப்பிட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கல்யாண மாப்பிள்ளை அம்மாவிடம் மெதுவாக, "வூட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் தங்கை வாசலில் செருப்பைக் கழற்றினாள். கையில் அடையாள அட்டையும் நகலும். "பஸ்ஸு லேட்டு" என்றாள், யாரையும் பார்க்காமல். உறுதிமொழிப் படிவத்தில் மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டாள்.

பதிவாளர் இருவரையும் தன் மேசை முன் நிறுத்தி, ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைச் சொல்லச் சொன்னார். அம்மாவைச் சட்டப்படி மனைவியாக ஏற்றுக்கொள்வதாக அவர் சொன்னார். குரல் எழும்பவில்லை.

"என்னாது?" என்றாள் அம்மா.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன் தங்கை எழுந்து போய், அவருடைய முழங்கையைப் பிடித்து மறுபக்கம் நிறுத்தினாள்.

"இந்தப் பக்கமா நின்னு சொல்லுங்க. அம்மாவுக்கு அந்தக் காது கேக்காது."

அவர் மறுபடி சொன்னார். அம்மாவுக்குக் கேட்டது. அடுத்து சான்றிதழில் சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குக் கண்ணில் நீர் நின்று, இடம் தெரியவில்லை.

"இங்கண்ணா" என்று விரல் வைத்துக் காட்டினாள் தங்கை.